நூறு மில்லிக்குப் பதினொரு கிராம்

அந்தத் தையல்காரியிடம் போய் அளவைப் பற்றிப் பேச யாருக்கும் துணிச்சல் வராது. ஏழு வயது மகளின் ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, சர்க்கரையையும் அவள் துணி மாதிரியே அளந்தாள். உணவு ஆலோசகர் சொல்லிக்கொடுத்தது மனப்பாடம்: நாலு கிராம் ஒரு டீஸ்பூன், பிள்ளைக்குச் சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு ஆறு டீஸ்பூனைத் தாண்டக்கூடாது.

பள்ளிக்கூடப் பையில் வைக்கும் பழரசப் பாட்டிலில் போட்டிருந்தது பதினொரு கிராம், அதாவது இரண்டே முக்கால் டீஸ்பூன். பிஸ்கட்டில் எட்டு கிராம், இரண்டு. பாலில் அரை. மொத்தம் ஐந்தே கால். வேறு இனிப்பு வீட்டுக்குள் தலைகாட்டக்கூட விடவில்லை, மகராசி.

ஆனால் மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் நிலைமை இன்னும் மோசம். தன் கணக்கு தப்பாது. அப்படியென்றால் யாரோ திருட்டுத்தனமாகக் கொடுக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது நாத்தனார், அவள் அண்ணி என்று கூப்பிடும் புருஷனின் அக்கா.

"அத்தை மிட்டாய் குடுத்தாங்களா?"

"இல்லம்மா."

விடுவாளா? துளைத்தெடுத்தாள், கெஞ்சினாள், அழுதாள். கடைசியில் பிள்ளை, "ஆமா" என்றது.

"என் பிள்ளையக் கொல்லப் பாக்கறீங்களா, அண்ணி?"

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான், அதன்பின் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஆலோசகர், பிள்ளை தினமும் சாப்பிடுவதையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"இதுல எவ்வளவும்மா?"

"பதினொரு கிராம். மூணு டீஸ்பூன்கூட வராது."

"அந்தச் சத்து விவரக் கட்டத்துக்கு மேல என்ன போட்டிருக்கு, படிங்க."

"நூறு மில்லிக்கு..."

"பாட்டில் எத்தனை மில்லி?"

முந்நூறு. ஆலோசகர் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: முப்பத்து மூன்று கிராம், எட்டே கால் டீஸ்பூன்.

"முழுசையும் குடிச்சிருதா?"

"ஒரு சொட்டு விடாம குடிக்கணும்னு நான்தான் சொல்லி அனுப்புவேன்."

பிஸ்கட்டும் பாலும் சேர்ந்தால் பதினொரு டீஸ்பூனுக்குக் கால்தான் குறைவு. மூன்று மாதமாக அவளே தன் கையால் கொடுத்தது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நிஜமா சொல்லு தங்கம், அத்தை மிட்டாய் குடுத்தாங்களா?"

பிள்ளை இல்லையென்று தலையாட்டியது.

"அப்ப ஏன்டி ஆமான்னு சொன்னே?"

"இல்லைன்னு சொல்லச் சொல்ல நீ அழுதுகிட்டே இருந்தியேம்மா."

அண்ணிக்குப் போன் போட்டாள். எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அண்ணி.

"என்னம்மா, டாக்டர் என்ன சொன்னாரு? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"