மாவுக்கட்டு போட்டவன் உட்காரட்டும்

"விசில் ஊதவாவது தெரியுமா உனக்கு?"

"உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து ஊதாம இருக்கறதுதாங்க கஷ்டமா இருக்கு."

பி.டி. மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் பள்ளிக் குழுவைக் கூட்டிக்கொண்டு வெளியூர்ப் போட்டிக்குப் போக வேண்டும். பையில் சட்டைகளைத் திணித்துக்கொண்டே சொன்னார்:

"ஏழாம் வகுப்புதானே. எல்லாம் தாள்ல எழுதி வெச்சிருக்கேன். யாரை ஓட விடணும், யாரை உட்கார வைக்கணும், எல்லாம் இருக்கு. பார்த்துப் படி, போதும்."

"வேற ஏதாவது கவனிக்கணுமா?"

"தொப்பி போட்டுக்கோ. வெயில் அடிக்கும்."

மறுநாள் தலைமையாசிரியையின் அறையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, அதே பள்ளியின் கணக்கு டீச்சர், அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் விட்டுப்போகவில்லை.

அன்று அவருக்குப் பதிலாக எடுத்ததுதான் அவளுடைய முதல் விளையாட்டு வகுப்பு. பெரிய வகுப்புகளுக்கு மட்டுமே பாடம் எடுப்பவள் என்பதால் ஏழாம் வகுப்பில் ஒரு முகமும் பழக்கமில்லை. தாள் சொன்னபடியே செய்தாள். வகுப்பிலேயே தலைகளை எண்ணினாள். ஷூ நாடாக்களைப் பார்த்தாள். மைதானத்தை மெதுவாக ஒரு சுற்று, பிறகு கைகால் நீட்டும் பயிற்சி, அப்புறம் கூம்புகளுக்கு நடுவே தொடர் ஓட்டம். ஓட்டத்துக்கு முன்னால் ஒரு வரி இருந்தது. சத்தமாகப் படித்தாள்.

"கையில் மாவுக்கட்டு போட்டவன் உட்காரட்டும். கணுக்கால் சுளுக்கியவளும்."

ஒருவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். "மிஸ், கட்டைப் பிரிச்சு ஒரு வருஷமாச்சு! போன வாரம் மரமே ஏறினேன்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். "உங்க சாருக்குக் கொஞ்சம் மறதி. வாங்க, எல்லாரும் ஓடலாம்."

வரிசைக் கடைசியில் நின்ற ஒரு சின்னப் பெண், 'சிட்டு' என்று தோழிகள் கூப்பிடுபவள், அதுவரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அதை மடித்ததும் அவள் முகம் மலர்ந்தது. துள்ளிக்கொண்டு வரிசைக்குள் நுழைந்தாள்.

இரண்டாவது முறை ஓடித் திரும்பியபோது சிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். மூச்சு விசில் மாதிரி வந்தது.

"மிஸ், இவளுக்கு வீசிங்! இந்த வருஷம்தான் சேர்ந்தா. இன்ஹேலர் அடிக்காம சார் ஓடவே விடமாட்டாரு. அது சார் பையிலதான் இருக்கும்!" தோழி அலறினாள்.

அந்தப் பை பஸ் ஏறிப் போய்விட்டிருந்தது. டீச்சர் பெண்ணை நிமிர்த்தி உட்காரவைத்துக் கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினாள். ஒருத்தியை நர்ஸிடம் விரட்டினாள். இன்னொருத்தி வகுப்புக்கு ஓடி, சிட்டுவின் புத்தகப் பையிலிருந்த மற்றொரு இன்ஹேலரை எடுத்துவந்தாள். நர்ஸ் வந்து அதைக் கொடுக்கக் கொடுக்க மூச்சு மெல்லத் தணிந்தது. பேச முடிந்ததும் சிட்டு சொன்னாள்:

"என்னைப் பத்தி நீங்க எதுவும் படிக்கலையே மிஸ். இனிமே இன்ஹேலர் அடிக்காமயே ஓடலாம்னு சார் விட்டுட்டாருன்னு நெனச்சேன்."

இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை. இந்தப் பக்கம் கண் சிவந்த சிட்டுவின் அம்மா. நடுவில் ஸ்பீக்கரில் போட்ட ஃபோன். அதற்குள் போட்டி மைதானத்தின் இரைச்சல்.

"சார், அந்தப் பொண்ணைப் பத்தி இதுல நீங்க எழுதவே இல்லையே?" தாளைப் பார்த்தபடி தலைமையாசிரியை கேட்டார்.

இரைச்சலை மீறி மாஸ்டரின் குரல் வந்தது.

"எழுதலைன்னா என்ன மேடம், வாயால சொன்னேனே. நேத்தே சொல்லிட்டேன். அவங்க மறந்திருப்பாங்க."

வீட்டில் 'நீ'. இங்கே 'அவங்க'.

மாமியாரின் மாத்திரையை அவர் வாங்க மறந்த நாளில், "நான்தான் மறந்துட்டேன் அத்தை" என்றவள் அவள். தம்பி கல்யாணத்துக்கு அவர் தாமதமாக வந்தபோது, "என் புடவையால லேட்டு" என்று பிறந்த வீட்டில் சிரித்துச் சமாளித்தவளும் அவள்தான். ஒவ்வொரு தடவையும் தனியாக இருக்கும்போது கன்னத்தைத் தட்டிச் சொல்வார், "நீ சொன்னா யாரும் திட்டமாட்டாங்க." அப்போதெல்லாம் கேட்க ஒன்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவாள். அது அன்பென்று நினைத்திருந்தாள்.

சிட்டுவின் அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "அப்போ தெரிஞ்சேதான் என் பொண்ணை ஓட விட்டீங்களா டீச்சர்?"

கணக்கு டீச்சர் ஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அவரை 'சார்' என்பதைத் தவிர வேறு எப்படியும் அவள் கூப்பிட்டதில்லை.

"ஏங்க."

"ம்... நீயும் அங்கதான் இருக்கியா?"

"இருக்கேன். இது போன வருஷத் தாளுங்க. மேல ஆறை ஏழாக்கியிருக்கீங்க, அவ்வளவுதான். நேத்து தொப்பி போட்டுக்கோன்னீங்க. இந்தப் பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை."

"அதெல்லாம் வீட்டுல வந்து பேசிக்கலாம்மா..."

"வேண்டாம். இத்தனை வருஷமா கேக்கணும்னு இருந்தேன், இங்கயே கேக்கறேன். ஒரே ஒரு தடவை, எல்லார் காதுலயும் விழற மாதிரி, தப்பு என்னோடதுன்னு நீங்க சொல்லுங்க."