மைதா கலக்காத சோப்பு

பெயர்: அ. கார்குழலி, பத்தாம் வகுப்பு. பாடம்: அறிவியல். தலைப்பு: சோப்பு, டிடர்ஜென்ட், கடின நீர்.

நோக்கம்

மிஸ், நோக்கத்தை இரண்டு வரியில் எழுதச் சொன்னீர்கள். என் நோக்கம் இரண்டு வரியில் அடங்காது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் எங்கள் பிளாக்கில் இருக்கும் எல்லாரும், என் அம்மா ரமாபாய், தான் செய்யும் சோப்பில் மைதா கலக்கிறாள் என்று சொல்லித் திரிந்தார்கள். அது பொய் என்று காட்டுவதுதான் என் நோக்கம்.

மகளிர் குழுவில் சோப்புப் பயிற்சி கொடுத்தார்கள். அம்மா கற்றுக்கொண்டு ரேஷன் பாமாயிலும் காஸ்டிக் சோடாவும் வைத்துத் துணி சோப்பு செய்தாள். பயிற்சிக் கூடத்தில் கேன் தண்ணீரில் தேய்த்துப் பார்த்தபோது நுரை பொங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். அதே சோப்பை எங்கள் பிளாக்கில் வாங்கிப் போனவர்களுக்கு நுரையே வரவில்லை. வாளியில் வெள்ளையாகத் திரி திரியாக ஏதோ மிதந்தது. அது துணியில் ஒட்டிக்கொண்டு காய்ந்ததும் சாம்பல் நிறமானது.

"மைதாதான். மாவு கட்டி தட்டுனா மாதிரி கீது பாரு" என்று தீர்ப்புச் சொன்னவர் பச்சையம்மா பெரியம்மா. அவர்தான் குழுத் தலைவி. மாடியில் இருந்து அவர் சொன்னால் கீழே தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அம்மாவைக் குழுவில் இருந்து எடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. அம்மா சோப்புகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வெங்காயத்தால் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

அந்த வாரம்தான் நீங்கள் கடின நீர் பாடம் நடத்தினீர்கள் மிஸ். வீட்டில் சொன்னேன். "தண்ணி எப்படிடீ கடினமாவும், கல்லா அது?" என்று அப்பா சிரித்தார். அவர் கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறார். இரும்பைத் தவிர வேறு எதையும் கடினம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

தேவையான பொருள்கள்

மூடியுள்ள காலி தண்ணீர் பாட்டில்கள். அம்மாவின் சோப்பு. பச்சையம்மா பெரியம்மா வீட்டுக் குளிக்கிற சோப்பு. சோப்புத்தூள் (டிடர்ஜென்ட்). சலவை சோடா. கேன் தண்ணீர். போர் தண்ணீர் (எங்கள் அடிபம்பில் வரும் நிலத்தடி நீர்). பச்சையம்மா பெரியம்மா.

கடைசிப் பொருள் ஏன் என்றால், நான் தனியாகச் செய்தால் தில்லுமுல்லு என்பார். எங்கள் பிளாக்கில் லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் 'நல்ல தண்ணி'. சமைக்க, குடிக்க. அதில் துணி துவைக்கிறவளைப் பைத்தியம் என்று சொல்வார்கள். துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாம் வாசலில் இருக்கும் அடிபம்புதான். அந்தப் போர் பெரியம்மாவின் அண்ணன் கிருஷ்ணப்பன் முன்னின்று போட்டது. அதைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது.

செய்முறை

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொடங்குவதற்கு முன்பே பாட்டில்களோடு போய் நின்றேன். பெரியம்மா தன் கையால் பம்பு அடித்தார். தன் வீட்டுக் கேனைத் தானே சாய்த்தார். எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சீவிய சோப்பு, ஒரே மாதிரி குலுக்கல். குலுக்கியவர் அப்பா. பெரியம்மா பக்கத்தில் நின்று, "அதுக்கு மட்டும் ஓவரா ஆட்டாதே அசோகா, நான் பாத்துகினுதான் கீறேன்" என்று மிரட்டினார்.

காணல்

கேன் தண்ணீரில் அம்மாவின் சோப்பு மூடிவரை நுரைத்தது. போர் தண்ணீரில் அதே சோப்பு, அதே கட்டியில் இருந்து சீவியது, நுரையே இல்லாமல் வெள்ளைத் திரியாக மிதந்தது.

"மைதா சோப்புல இருந்தா ரெண்டு பாட்டில்லயும் தெரியணும்ல பெரியம்மா? இதுல மட்டும் எங்க போச்சு?" என்றேன்.

அவர் கேன் தண்ணீர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைதா கிடைக்கவில்லை. அடுத்து, அவர் வீட்டு சோப்பைப் போர் தண்ணீரில் போட்டோம். கொஞ்சம் குறைவுதான், ஆனால் அதிலும் திரி வந்தது.

"அடப்பாவி! கடைக்காரனும் மைதா கலக்குறானா?" என்று பெரியம்மா கத்தினார். என் அம்மா முதல் முறையாக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சோப்புத்தூள் மட்டும் போர் தண்ணீரிலும் நுரைத்தது.

காரணம்

பாடத்தில் இருப்பதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். சோப்பு அவற்றோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு பொருளாகிவிடும். அதுதான் திரி. எல்லாக் கால்சியமும் தீரும் வரை சோப்பு அதற்கே செலவாகும், நுரைக்க மிச்சம் இருக்காது. டிடர்ஜென்ட்டும் கால்சியமும் சேர்ந்தால் வருவது கரைந்தே இருக்கும். அதனால் திரி கட்டாது. "கோளாறு சோப்புல இல்ல. நம்ம போர் தண்ணி கடின நீர்" என்று முடித்தேன்.

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன் மிஸ்.

"இன்னாது? எங்க அண்ணன் போட்ட போர்ல கோளாறா?" பெரியம்மா முந்தானையை இடுப்பில் செருகினார். குழு மொத்தமும் எழுந்தது. அப்பா பாட்டிலோடு சுவர் ஓரமாக ஒதுங்கினார். அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. அம்மாவைக் காப்பாற்ற வந்து நானே குழி தோண்டிவிட்டேன் என்று பயந்துபோனேன்.

"கோளாறு இல்ல பெரியம்மா! கடினம்னா... கெட்டி! கெட்டித் தண்ணி! கால்சியம் நெறய கீது!"

பெரியம்மா நின்றார். "கால்சியமா? முட்டி வலிக்கு டாக்டர் எழுதித் தர்றாரே, மாத்திரை, அதுவா?"

"அதே கால்சியம்தான்."

அவர் மெதுவாகத் திரும்பிக் குழுவைப் பார்த்தார். "கேட்டுக்கினீங்களா? நம்ம காசு குடுத்து வாங்குறோம். எங்க அண்ணன் போர்ல சும்மா வருது."

"குடிச்சிடாதீங்க பெரியம்மா, அதுல வேற என்னென்னமோ இருக்கும்" என்றேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. அம்மாவிடம் போய், தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "உன் சோப்பு மேல ஒண்ணும் தப்பில்லமே. எங்க தண்ணி கெட்டி. அதுக்கு உன் சோப்பு தாக்குப் பிடிக்கல, அவ்ளோதான்."

மன்னிப்பு என்பது எங்கள் பிளாக்கில் இந்த வடிவத்தில்தான் கிடைக்கும்.

அப்புறம் ஒரு வாளிப் போர் தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்தேன். கால்சியம் சுண்ணாம்புத்தூள் போல அடியில் படிந்தது. தெளிந்த தண்ணீரை வேறு வாளியில் ஊற்றி அம்மாவின் சோப்பைத் தேய்த்தேன். நுரை வந்தது. பெரியம்மா தன் கையை விட்டு, முழங்கை வரை நுரையோடு எடுத்துக் காட்டினார், அவரே சோப்பு செய்ததுபோல. இப்போது அம்மா ஒவ்வொரு சோப்போடும் ஒரு சிறு பொட்டலம் சலவை சோடா கட்டித் தருகிறாள். மேலே "கெட்டித் தண்ணிக்கு" என்று எழுதச் சொன்னது பெரியம்மா. கட்டிலுக்கு அடியில் இப்போது செருப்பு மட்டும்தான் இருக்கிறது.

முடிவு

மிஸ், எல்லாரும் இந்த இடத்தில் "கடின நீரில் சோப்பு நுரைக்காது" என்று எழுதியிருப்பார்கள். அது சரிதான், எனக்கும் தெரியும். ஆனால் முடிவை ஒரே வரியில் எழுதச் சொன்னீர்கள். அந்த ஒரு வரியை எனக்கு வேறு எதற்கும் கொடுக்க மனமில்லை.

என் அம்மாவின் சோப்பில் மைதா இல்லை.