கழற்றிப் பார்க்காத பிளக்

வியாழக்கிழமை மத்தியானம் ஜாக் அந்த மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கிருபன் வேலை செய்யும் கராஜ் இருந்த கால்சாச் சந்துக்குள் திரும்பியபோதே கிருபனுக்கு அது யாருடைய வண்டி என்று தெரிந்துவிட்டது. பெற்றோல் தாங்கியின் இடப்பக்கத்தில் ஒரு நீளக் கீறல். சிநேகிதன் நகுலன் அதை, கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு மதிலோடு உரசிக் கொண்டுவந்த நாளில், கிருபன்தான் விழுந்து விழுந்து சிரித்தவன்.

ஜாக் மொரீசியஸ்காரன். பழைய வண்டிகளைக் கண்டால் விடமாட்டான். இரண்டு மாதத்துக்கு முன் நகுலன் "கொண்டுபோ" என்று கொடுத்துவிட்ட வண்டியை இத்தனை நாளும் ஓடாமல் மூடி வைத்திருந்தான்.

"கத்தானியாவில் பழைய சாமான் கடையொன்றில் இதற்கு ஸ்ரேற்றர் கிடைத்தது" என்றான் இத்தாலிய மொழியில், ஒரு பொதியை நீட்டியபடி. "உன் நண்பனின் ஸ்ரேற்றர் எரிந்துபோனது என்று நீதானே சொன்னாய். மாற்றிக் கொடு."

ஓம், கிருபன்தான் சொன்னவன். கராஜில் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகுலன் வீட்டு வாசலில். வெளியார் வண்டியென்றால் கராஜுக்கு வரும், முறைப்படி சோதிக்கப்படும். எங்கடை ஆக்களின் வண்டியென்றால் ஞாயிற்றுக்கிழமை, ரோட்டோரம், கதையும் தேத்தண்ணியுமாகப் பார்ப்பது. பாலெர்மோவில் கிருபனைத் தெரிந்த தமிழர் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

அன்று நகுலன் சொன்னது நினைவிருந்தது. "லைற் மினுங்கி மினுங்கி எரியுது மச்சான். பற்றரி புதுசு. ரெண்டு நாளிலை செத்துப்போகுது. நல்லாப் பார், எனக்கு விடிய அஞ்சுக்கு வேலை."

நகுலன் மொண்டெல்லோவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலைக்கு நின்றான். காலைச் சாப்பாடு அவன் பொறுப்பு. அந்த நேரத்துக்கு அங்கே கொண்டுபோய் விடும் பஸ் கிடையாது.

இயந்திரத்துக்குள் மின்சாரத்தை உண்டாக்கும் கம்பிச் சுருள்தான் ஸ்ரேற்றர். அதிலிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் ஒரு பிளக் வழியாக ரெகுலேற்றருக்குப் போகும். ரெகுலேற்றர் அந்த மின்சாரத்தைப் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றி, அளவோடு அனுப்பும். அந்த வண்டியில் பிளக் இருந்தது தாங்கிக்கு அடியில். தாங்கியைக் கழற்றினால்தான் பிளக்கைப் பிரிக்கலாம். மேலே வீட்டில் நகுலனின் மனைவி துஷாந்தி புட்டு அவித்து வைத்துவிட்டு, "கிருபன் அண்ணை, ஆறப்போகுது" என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டாள். நகுலன் சிரித்தான். "அவனுக்கு வண்டியிலை ஒரு கண், புட்டிலை மற்றக் கண்."

கிருபன் தாங்கியைக் கழற்றவில்லை. பக்கத்தால் கையை விட்டு, மீற்றர் ஊசியை பிளக்கின் பின்பக்கத்தால் மஞ்சள் வயரில் குத்தினான். மற்ற ஊசியை இயந்திரத்தில் வைத்தான்; இரண்டுக்கும் தொடர்பு இருந்தால் மீற்றர் கூவும். மீற்றர் கூவியது. சுருள் இயந்திர உடம்போடு முட்டி நிற்கிறது, எரிந்துவிட்டது என்று முடிவு கட்டினான்.

"ஸ்ரேற்றர் போட்டுது. இந்த மொடலுக்கு இனிச் சாமான் எடுக்கேலாது. வண்டியைக் கைவிடு, மச்சான்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

இப்போது கராஜில் அவன் தாங்கியைக் கழற்றி, பெற்றோல் குழாயை நீட்டிப் பக்கத்தில் வைத்தான். பிளக்கைப் பிரித்துச் சோதிக்காமல் இயந்திர மூடியைத் திறக்கக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். கிருபனும் ஒரு நாளும் அதை மீறியதில்லை. ஜாக் கொண்டுவந்த பற்றரியைப் பூட்டி வண்டியை உயிர்ப்பித்தான். பற்றரியில் பன்னிரண்டரை வோல்ற். முறுக்கிப் பிடித்தாலும் ஏறவில்லை, இறங்கியது. நிற்பாட்டினான். பிளக்கை இழுத்துப் பிரித்தான். மூன்று மஞ்சள் வயர்களையும் இரண்டிரண்டாக அளந்தான். மூன்று முறையும் ஒரே தடை, அரை ஓமுக்குக் கிட்ட. பிறகு ஒரு வயருக்கும் இயந்திரத்துக்கும் இடையில் ஊசியை வைத்தான்.

மீற்றர் கூவவில்லை.

மற்ற வயர். அதுவும் இல்லை. திரும்ப வண்டியை உயிர்ப்பித்து ஐயாயிரம் சுற்றுக்கு முறுக்கி, வயர்களுக்கிடையில் மாறுதிசை மின்னழுத்தத்தை அளந்தான். அறுபது வோல்ற்றுக்குச் சற்று மேலே, மூன்றிலும் ஒரே மாதிரி. ஸ்ரேற்றரில் ஒரு குறையும் இல்லை.

மீற்றரை டயோட் சோதனைக்கு மாற்றி ரெகுலேற்றரைப் பார்த்தான். ஒரு மஞ்சள் முனைக்கும் பச்சை எர்த் வயருக்கும் இடையில், ஊசிகளை எப்படி மாற்றி வைத்தாலும் மின்சாரம் ஓடியது. ஒரு திசையில் மட்டுமே ஓட வேண்டும். உள்ளே, மறுதிசையைத் தடுக்கவேண்டிய டயோட் ஒன்று முட்டியிருந்தது.

கடைசியாக, பார்க்கத் தேவையில்லாத ஒன்றைப் பார்த்தான். பிளக்கைத் திரும்பப் பூட்டி, அன்றுபோலவே பின்பக்கத்தால் குத்தினான். மீற்றர் கூவியது. ரெகுலேற்றரின் பழுதைத்தான் அன்று ஸ்ரேற்றரின் பழுதாகக் கேட்டிருக்கிறான்.

"என்ன?" என்றான் ஜாக்.

"உன் ஸ்ரேற்றர் தேவையில்லை."

அலுமாரியில் பொருந்தக்கூடிய ரெகுலேற்றர் ஒன்று கிடந்தது. பூட்டுவதற்குச் சிகரெட் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பற்றரியில் பதினாலு புள்ளி இரண்டு. லைற் அசையாமல் எரிந்தது.

இந்த இரண்டு மாதத்தில் வண்டி இல்லாமல் நகுலன் மூன்று தரம் பிந்திப் போனான். வேறு வண்டி எடுக்க அந்த நேரம் கையில் காசு இருக்கவில்லை. நாலாம் தரம் ஹோட்டலில் வரவேண்டாம் என்றார்கள். வேலைக் காகிதம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. வடக்கே றெஜ்ஜோ நகரில் உறவுக்கார மச்சான் ஒருவன் தொழிற்சாலையில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தான். இந்தச் சனிக்கிழமை குடும்பத்தோடு பயணம்.

பேசாமல் இருந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. பதினொரு வருடச் சிநேகம் பழுதில்லாமல் வடக்கே போய்விடும். கிருபன் அப்படி நினைத்துப் பார்த்தான். பிறகு ஜாக்கிடம் ஒரு மணித்தியாலத்துக்கு வண்டியைக் கேட்டான்.

வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் இருந்த நகுலனின் வீட்டுக்கு அவன் போய்ச் சேரமுன்னமே துஷாந்தி பல்கனிக்கு வந்துவிட்டாள். "இஞ்சையப்பா, உங்கடை வண்டிச் சத்தமெல்லே" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

நகுலன் கையில் ஒட்டும் ரேப்போடு இறங்கி வந்தான். வாசல் நிறையப் பெட்டிகள்.

"ஜாக் ஸ்ரேற்றர் எடுத்திட்டானோ?"

"ஸ்ரேற்றர் பிழையில்லை" என்றான் கிருபன். "ரெகுலேற்றர்தான். நான் அண்டைக்குப் பிளக்கைக் கழற்றாமப் பாத்திட்டன். கழற்றியிருந்தா அண்டைக்கே ஓடியிருக்கும்."

நகுலன் ரேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தான்.

"தாங்கி கழற்றேல்லையோ?"

"இல்லை."

"வேறை ஆற்றையும் வண்டியெண்டா?"

"கழற்றியிருப்பன்."

நகுலன் தலையாட்டினான். "நான் கராஜுக்குக் கொண்டுவந்திருக்கோணும். ஒரு வெளியாளா. வரிசையிலை நிண்டு." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கிருபனுக்கு நிற்க ஏதாவது ஒரு இடம் கிடைத்திருக்கும்.

"மொண்டெல்லோவிலை கதைச்சுப் பாப்பமோ? நானும் வாறன்."

"அங்கை வேறை ஆள் எடுத்தாச்சு. வீட்டையும் விட்டாச்சு, மகளின்ரை பள்ளிக்கூடமும் மாத்தியாச்சு." ரேப்பின் நுனி அகப்பட, அதை இழுத்தபடி சொன்னான்: "நீ இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், மச்சான். நல்ல வண்டியொண்டு செத்துப்போச்செண்டு நினைச்சுக்கொண்டு போயிருப்பன்."

கிருபன் வண்டியை விட்டு விலகி நின்றான்.

நகுலன் வண்டியில் ஏறி உட்கார்ந்து உயிர்ப்பித்தான். லைற்றின் வட்டம் நிழலான எதிர்ச் சுவரில் விழுந்தது. முறுக்கினான், விட்டான். வட்டம் அசையவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிற்பாட்டி, திறப்பை உருவிக் கிருபன் கையில் வைத்தான்.

"குளிருக்கை சோக்கை முழுசா இழுக்கோணும், பாதி இழுத்தா எடுக்காது. ஜாக்கிட்டைச் சொல்லு."

மேலே துஷாந்தி, "கிருபன் அண்ணையைச் சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லுங்கோ" என்றாள்.

நகுலன் அண்ணாந்து பார்த்தான்.

"அவனுக்கு நேரமில்லையாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டியை ஒட்டக் குனிந்தான்.