வெள்ளிக்கிழமை வட்டி

சமுத்திரத்தின் கையிலிருந்து வெள்ளிக்கிழமை ஒரு ரூபாய் வாங்குவதும், கோடையில் வற்றிக் கிடக்கிற அய்யனார் அருவியில் குளிக்க நினைப்பதும் ஒன்றுதான் என்று இராஜபாளையத்தில் அவரோடு வியாபாரம் செய்கிற எல்லாரும் சொல்லுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் லட்சுமி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. தொழில் தொடங்கிய வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஒருத்தருக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து இது அவருக்கு வேதம்.

ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும்தான் அவர் வியாபாரம். மில்லில் நூல் வாங்கி, தறிக்காரர்களிடம் கொடுத்து நெய்து, வெளுத்து, விற்கிறார். பேங்கில், வேண்டும்போது எடுத்துக் கையில் வந்ததும் கட்டிக்கொள்கிற சி.சி. கடன் பத்து லட்சம்வரை உண்டு. பத்து என்பது பேருக்குத்தான். குடோனில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று மாதாமாதம் கணக்குக் கொடுக்க வேண்டும். கடனுக்கு வாங்கிய சரக்கு போக மிஞ்சுகிற மதிப்பில் கால் பங்கைக் கழித்துவிட்டு, மீதிக்குத்தான் எடுக்க விடுவார்கள். இந்தத் தடவை அப்படி மிஞ்சியது பன்னிரண்டு லட்சத்துச் சரக்குதான். ஆக, ஒன்பது லட்சம்வரைதான் எடுக்கலாம். அதில் ஏழு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம் ஏற்கெனவே எடுத்தாயிற்று. மில்லுக்கு ஒரு லட்சத்துக்குச் செக் கொடுத்தபோது, அது போக ஐயாயிரம் மிஞ்சும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்.

வியாழக்கிழமை, மாதத்தின் கடைசி நாள், ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கடைகளில் வசூலுக்குப் போனார். இரண்டு லட்சம் ரொக்கமாக வந்தது. திரும்பி வரும்போது பேங்க் மூடியிருந்தது. பணம் பீரோவுக்குள் போயிற்று. மறுநாள் வெள்ளி என்பதால் பீரோ பூட்டியது பூட்டியபடி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பேங்கில் கடன் பிரிவைப் பார்க்கிற கார்த்திகா போன் செய்தாள்.

"அண்ணாச்சி, மில்லு செக் கிளியரிங்ல வந்திருக்கு. ரெண்டாயிரத்தி நூத்தி முப்பத்தி நாலு ரூவா கொறையுது. செத்த வந்துட்டுப் போங்க."

சமுத்திரத்துக்கு நம்ப முடியவில்லை. அவருடைய மனக்கணக்கு தப்பியதே கிடையாது. பைக் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால், தன் துணி மூட்டைகளை ஏற்றுகிற கண்ணுச்சாமியின் லோடு ஆட்டோவிலேயே பேங்குக்குப் போனார்.

கார்த்திகா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். நேற்றைய தேதியில் ஏழாயிரத்து நூற்று முப்பத்து நான்கு ரூபாய் கணக்கில் பற்று விழுந்திருந்தது.

"மாசக் கடைசில வட்டி இதே அக்கவுண்ட்லதான அண்ணாச்சி ஏறும். அது ஏறின பொறவு செக்கும் போனா, ஒம்பது லட்சத்தத் தாண்டிருது."

சமுத்திரம் நெற்றியில் அடித்துக்கொண்டார். வட்டியை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார். மற்ற மாதங்களில் இடைவெளி தாராளமாக இருந்ததால், வட்டி வந்து உட்கார்ந்தது கண்ணில் படவில்லை.

"நாளைக்குக் காலைல மொத ஆளா வந்து கெட்டிருதேன் மேடம். மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இந்த வருசத்துல ரெண்டு தடவை விட்டாச்சு. இனிமே முடியாதுன்னு அவிய சொல்லிட்டாவ. மதியத்துக்குள்ள கெட்டலைன்னா செக்கு திரும்பிரும்."

செக் திரும்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அந்த மில்லில் ஒரு தடவை செக் திரும்பினால், அப்புறம் ரொக்கம் வைத்தால்தான் நூல். நூல் இல்லாவிட்டால் தறிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துப் போய்விடுவார்கள். இருபது வருஷத்து நாணயம் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தொங்கியது. வீட்டிலோ இரண்டு லட்சம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதென்றால் இதுதான். பயமாகவும் இருந்தது, தன் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. யாரிடமாவது கைமாற்று கேட்கலாம்தான். ஆனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கேட்பது?

"அதெப்படி ஏழாயிரம்?" என்று கேட்டார், நேரத்தைக் கடத்துகிற மாதிரி.

கார்த்திகா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். ஒவ்வொரு நாளும் ராத்திரிக்கு எவ்வளவு பாக்கி நிற்கிறதோ அதையெல்லாம் கூட்ட வேண்டும். முப்பத்தொரு நாளைக்கும் கூட்டினால் இரண்டு கோடியே நாற்பத்தெட்டு லட்சம் வந்தது. கோடி என்றதும் சமுத்திரம் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை வட்டி வீதமான பத்தரையால் பெருக்கி, நூற்றுக்கும் வருஷத்து நாட்களுக்கும் சேர்த்து முப்பத்தாறாயிரத்து ஐந்நூறால் வகுத்தால் வட்டி. கோடி சுருங்கி ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது.

"சராசரியா எட்டு லட்சம் நின்னிருக்கு. ஒரு நாளைக்கு எரநூத்தி முப்பது ரூவா."

"வெள்ளிக்கெழமைக்குமா?"

கார்த்திகா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "வெள்ளிக்கெழமைக்கும் ஞாயித்துக்கெழமைக்கும் உண்டு அண்ணாச்சி. நீங்க வியாழக்கெழம வசூல சனிக்கெழமையோ திங்கக்கெழமையோதான கொண்டு வாரீய? அது வர்ற வரைக்கும் அந்தப் பணத்துக்கும் சேத்துத்தான் வட்டி ஓடும்."

சமுத்திரம் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவர் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு காவல் காத்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், லட்சுமி பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்தபோது மனைவி வெங்கடேஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமங்க."

"தெரியும். வெளிய போனதத்தான் அடைக்கப் போறேன்."

இரண்டு லட்சத்தையும் மஞ்சப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். பையைப் பார்த்ததும் கண்ணுச்சாமிக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டான்.

"அண்ணாச்சி, இன்னைக்கு வெள்ளிக்கெழமைல்லா?"

சமுத்திரத்துக்குச் சுருக்கென்று இருந்தது. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, மகனுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமென்று மூவாயிரம் கேட்டு இதே கண்ணுச்சாமி வாசலில் நின்றான். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார். அவன் மறுநாள் வரவில்லை. சமுத்திரமும் கேட்கவில்லை.

"ஏலே, அன்னைக்கு மூவாயிரத்துக்கு என்ன செஞ்ச?"

"பஜார்ல வட்டிக்கு வாங்கினேன். பயலுக்கு நல்லாயிட்டு."

"அடைச்சிட்டியா?"

"வட்டிதான் போயிட்டிருக்கு. மொதல் அப்பிடியே நிக்கி."

"வெள்ளிக்கெழமையும் வாங்குதானா?"

கண்ணுச்சாமி இப்போது நன்றாகவே சிரித்தான். "வட்டிக்கு ஏது அண்ணாச்சி வெள்ளிக்கெழமை?"

பேங்கில் இரண்டு லட்சத்தையும் கட்டினார். பாக்கி ஆறு லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. மில் செக் அதன் மேல் ஏறியும் ஒன்பது லட்சத்துக்கு வெகு தூரம் இருந்தது. "செக்கு பாஸாயிருச்சு அண்ணாச்சி" என்று கார்த்திகா சொன்ன பிறகுதான் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

வாசல்வரை போனவர் நின்றார். வெளியே கண்ணுச்சாமி ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சமுத்திரம் திரும்பி வந்து, பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்து, செல்ஃப் என்று போட்டு மூவாயிரத்துக்கு எழுதினார். தேதியைப் போடும்போது பேனா கொஞ்சம் தயங்கியது.

"எதுக்கு அண்ணாச்சி?" என்றாள் கார்த்திகா.

"லோடு வண்டிக்கு வாடகை அட்வான்ஸ்."

"நாளைக்கு எடுத்துக்கிடலாமே. இன்னைக்கு உங்களுக்கு ஆகாதுல்லா?"

"நாளைக்குன்னா அவனுக்கு இன்னொரு நாள் வட்டி கூடும் மேடம். இன்னைக்கே குடுங்க."