சீட்டில் என்ன எழுதியிருந்தது

தேர்வறையில் மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கேமரா. இது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கழிப்பறைச் சுவரில் என் மீசையை வரைந்து, கண் இருக்கவேண்டிய இடத்தில் லென்ஸை வரைந்து வைத்தால் எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? வருத்தமெல்லாம் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமைதான். கடைசி பெஞ்சில் ஒருவன் பேனா மூடியைக் கழற்றினால் கரும்பலகை ஓரம் நிற்கும் எனக்குத் தெரிந்துவிடும்.

கிட்டத்தில் இருப்பதுதான் தெரியாது. அதற்குக் கண்ணாடி வேண்டும். அதை ஆசிரியர் அறை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மேற்பார்வைக்குப் போவேன். மூக்கு நுனியில் கண்ணாடி தொங்க நடந்தால் எவன் பயப்படுவான்? ஹால் டிக்கெட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துச் சமாளித்துக்கொள்வேன். "ரெண்டும் தெரியற மாதிரி ஒரே கண்ணாடியா வாங்கித் தொலைங்களேன்" என்று என் மனைவி சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டாள்.

அன்றைக்கு எங்கள் பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு மின்துறைப் பிரிவுக்குத் தேர்வு. தாள், மின் இயந்திரங்கள். அந்தப் பாட ஆசிரியரையே அந்தத் தேர்வுக்கு மேற்பார்வை போடக் கூடாது என்பது விதி. அதனால் கணக்கு வாத்தியாரான நான் போனேன்.

கடைசி வரிசையில் நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் பையன். உட்கார்ந்தாலும் முன்னால் இருப்பவனுக்கு மேல் தலை தெரியும். ஒளிந்துகொண்டு தப்புச் செய்ய ஆண்டவன் கொடுத்த உடம்பு இல்லை அது. பேனாவை மூடி வைத்தான். கால்குலேட்டரின் உறையைக் கழற்றினான். உள்ளேயிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து முகத்துக்கு நேரே கொண்டுபோய்க் கண்ணை இடுக்கினான். பிறகு தள்ளிப் பிடித்தான். மறுபடியும் கிட்டே கொண்டுபோனான். கடைசியில் உறைக்குள்ளேயே செருகிவிட்டு விட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

நான் பூனை நடை நடந்து போய் உறையை எடுத்தேன். உள்ளே சீட்டு. விரித்தால் வெள்ளைக் காகிதத்தில் சாம்பல் பூசியது போல ஏதோ இருந்தது. அறை முழுக்க என்னைப் பார்க்கிறது. கேமரா என்ன செய்யும்? சீட்டை ஒரு பார்வை பார்த்து, தலையை ஆட்டி, "ஓஹோ, மூணாவது கேள்விக்கு விடையா? பேஷ்" என்றேன்.

"சார், அது வந்து..."

"வாயை மூடு. எழுந்து வா."

முறைப்படி எல்லாம் நடந்தது. விடைத்தாளை வாங்கிக்கொண்டு, தேர்வறையில் வேறொருவரை நிற்கவைத்துவிட்டு, முதல்வர் அறைக்குக் கூட்டிப்போனேன். முதல்வர்தான் தேர்வு மையத்துக்குத் தலைமைக் கண்காணிப்பாளர். சீட்டின் பின்புறத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்து முதல்வர் போட்டார். இருவர் கையெழுத்தையும் பார்த்துத் தேர்வுப் பிரிவு எழுத்தர் அம்மா முத்திரை குத்தினார். பையனிடம் எழுத்து வாக்குமூலம் வாங்கினோம். "சீட்டு என்னுடையது. அதைப் பார்த்து எதுவும் எழுதவில்லை" என்று எழுதினான். மாட்டினவன் எல்லாரும் எழுதுகிற வரிதான். புதிய விடைத்தாள் கொடுத்து மிச்ச நேரம் எழுத அனுப்பினோம்.

எழுத்தர் அம்மா வேலையில் புயல். நான் டிராயரிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் பழைய விடைத்தாளையும் சீட்டையும் உறையில் போட்டு, அரக்கு வைத்து, அதன்மேல் ஊதிக்கொண்டிருந்தார். இனி அதைப் பிரிக்கும் அதிகாரம் தேர்வு வாரியத்தின் விசாரணைக் குழுவுக்கு மட்டும்தான்.

நான் அறிக்கை எழுதி முதல்வரிடம் படித்துக்காட்டினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. 'திருட்டு முழி முழித்தபடி, கள்ளத்தனமாக, கொஞ்சமும் அஞ்சாமல்' என்று ஆரம்பம்.

முதல்வர் பேனாவை எடுத்தார். "திருட்டு முழியை எப்படி சார் நிரூபிப்பீங்க? அடிச்சிடுங்க. அஞ்சாமல்னு உங்களுக்கு யார் சொன்னா? அதுவும் வேண்டாம். பார்த்ததை எழுதுங்க, நினைச்சதை எழுதாதீங்க."

அடித்து அடித்து அரைப் பக்கமானது. ரத்தம் கொதித்தது, ஆனாலும் மனுஷர் சொல்வது சரி. பேனாவை மூடினது, உறையைக் கழற்றினது, விட்டத்தைப் பார்த்தது மட்டும் மிஞ்சியது.

"அடுத்து, கைப்பற்றிய சீட்டில் உள்ளடக்கம் என்ன? இதுதான் சார் முக்கியம். பாடத்துக்குச் சம்பந்தமில்லைன்னா எச்சரிக்கையோட விட்டுடுவாங்க. சம்பந்தம் இருந்து, பார்த்து எழுதலைன்னா இந்த ஒரு தாள் ரத்து. பார்த்து எழுதினான்னா இந்தப் பருவத்துல எழுதின எல்லாத் தாளும் போச்சு, மேல ஒரு வருஷம் தேர்வே எழுத முடியாது. என்ன இருந்துது?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"என்ன சார்?"

"நீங்களும் பார்த்தீங்களே" என்றேன்.

"நான் எங்க பார்த்தேன்? நீங்க படிச்சிருப்பீங்கன்னு கையெழுத்துப் போட்டேன்." அவர் எழுத்தர் அம்மாவைப் பார்த்தார்.

"ரெண்டு பெரியவங்க கையெழுத்துப் போட்டதுக்கு மேல நான் என்னத்தப் படிக்கிறது?" என்றார் அந்த அம்மா.

மூன்று பேரும் அரக்கு உறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல்வர்தான் முதலில் தேறினார். "மூணாவது கேள்வி விடைன்னு ஹால்லயே சொன்னீங்களாமே. அதையே எழுதிடுங்க. வேற என்ன இருக்கப் போவுது?"

நியாயமாகத்தான் பட்டது. நான் இல்லாததையா சொல்கிறேன்? தேர்வறையில் சீட்டு வைத்திருப்பவன் தோத்திரமா எழுதி வைத்திருப்பான்? 'மூன்றாவது' என்று எழுதியும் விட்டேன். அப்போது தேர்வு முடிந்து கையெழுத்துப் போட வந்த நெட்டை, கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"என்ன?"

"மூணாவது கேள்வி அதுல இருந்துச்சுன்னு சொன்னீங்களே. நெஜமாவே இருந்துச்சா சார்?"

கிண்டல் செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான்.

"உன் சீட்டுல என்ன இருக்குன்னு உனக்கே தெரியாதா?"

"ஃபிரெண்டு நோட்டைக் குடுத்து ஜெராக்ஸ் கடை அண்ணன்கிட்ட சின்னதா எடுத்துத் தரச் சொன்னேன் சார். ரொம்பச் சின்னதா எடுத்துட்டாரு. ஹால்ல எடுத்துப் பார்த்தா எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு, ஒரு எழுத்து தெரியல. அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். நீங்க டக்குன்னு படிச்சிட்டீங்க. என்னா பார்வை சார் உங்களுக்கு."

எழுத்தர் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு முகம் சுட்டது. இவனுக்கு ஒரு கம்பெனியில் வேலை தயாராக இருந்தது, படிப்பை முடித்துக்கொண்டு வா என்று சொல்லியிருந்தார்கள். நான் படிக்காத சீட்டைப் படித்தேன் என்று எழுதினால், பார்த்து எழுதினான் என்றே ஆகி அந்த வேலையும் ஒரு வருஷமும் போய்விடும். அவன் என்னதான் கத்தினாலும் அவன் சொல்லா, என் சொல்லா என்று வந்தால் என் சொல்தான் எடுபடும். அது எனக்குப் பயமாக இருந்தது.

பையனை அனுப்பிவிட்டு, 'மூன்றாவது' என்பதை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு எழுதினேன்: 'நான் படிக்கும் கண்ணாடி அணிந்திருக்கவில்லை. சீட்டை நான் படிக்கவில்லை. மூன்றாம் கேள்விக்கான விடை என்று அறையில் நான் சொன்னது ஊகம். சீட்டை எடுத்தது முதல் நான் அருகில் செல்லும்வரை தேர்வரின் பேனா மூடியே இருந்தது. அவர் எதுவும் எழுதவில்லை.'

முதல்வர் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சார், ஊர் சிரிக்கும்."

"பார்த்ததை எழுதச் சொன்னது நீங்கதானே?"

"பார்க்காததையும் ஏன் சார் எழுதறீங்க?"

"அதுவும் நடந்ததுதானே?" என்று நீட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

ஊர் சிரித்தது. எப்படியோ விஷயம் கசிந்து, விசாரணைக்கு வாரிய அலுவலகம் போவதற்குள் சுவரிலிருந்த படத்தின் லென்ஸுக்கு மேலே யாரோ கட்டுப் போட்டுவிட்டார்கள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் அரக்கை உடைத்துச் சீட்டை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கொஞ்ச நேரம் பார்த்து, "ம்" என்று தலையாட்டிப் பக்கத்தில் கொடுத்தார். அவரும் பார்த்து "ம், ம்" என்றார். மூன்றாவதாக இருந்த பேராசிரியை, மின்துறைக்காரர், சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலை. உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் அறிக்கை மேசைமேல் திறந்து கிடந்தது. தலைவர் அதைப் பார்த்து, என்னைப் பார்த்து, இருமினார். "எனக்கும் தெரியலைம்மா" என்றார்.

பூதக்கண்ணாடி வரவழைத்தார்கள். பேராசிரியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தார். மின்மாற்றி பற்றிய குறிப்புகள். அன்றைய தாளுக்கான பாடம்தான். ஆனால் வினாத்தாளில் மின்மாற்றி பற்றி ஒரு கேள்விகூட இல்லை. பையனின் இரண்டு விடைத்தாளையும் வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். சீட்டிலிருந்து ஒரு சொல்கூட இறங்கவில்லை. பேனா மூடியிருந்ததா என்று என்னைக் கேட்டார்கள். மூடியிருந்தது என்றேன். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள் என்றார்கள். கரும்பலகை அருகிலிருந்து என்றேன். தூரம் தெரியுமா என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற பஸ்ஸின் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். டிரைவர் கொட்டாவி விடுகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

இந்த ஒரு தாள் மட்டும் ரத்து, அடுத்த பருவத்தில் எழுதலாம் என்று தீர்ப்பானது.

வெளியே வராந்தாவில் நெட்டையின் அம்மா நின்றிருந்தார். மகனின் தோள் உயரம்தான் இருப்பார். பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். திட்டு விழப்போகிறது என்று நான் தயாரானேன்.

"சார், நீங்கதானே புடிச்சது? என் புள்ள என்ன செஞ்சான்?"

"சீட்டு வச்சிருந்தான்மா. அது தப்பு. பார்த்து எழுதல."

அந்த அம்மா எட்டி மகனின் தலையில் ஒன்று வைத்தார். அவனே கொஞ்சம் குனிந்து கொடுத்தான். பிறகு போனை எடுத்து நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"முதல்ல சொன்னதுக்கு நான் குடுத்துட்டேன். ரெண்டாவதா சொன்னதை இவங்க அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க சார். காப்பியடிச்ச பையன் வீட்டுக்கு வரக் கூடாதுன்னு மூட்டையக் கட்டி வாசல்ல வச்சிருக்காரு. நாங்க சொன்னா நம்ப மாட்டாரு."

மறுமுனையில் கனத்த குரல் "யாரு?" என்றது. நான் யார் என்று சொன்னேன். அறிக்கையில் எழுதியிருந்ததை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், கண்ணாடி விஷயம் உட்பட ஒவ்வொன்றாகச் சொன்னேன். நெட்டை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்து எழுதலைங்கிறதை நீங்க கண்ணால பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்" என்றேன்.

"சரி, வரச் சொல்லுங்க" என்றார் அவர்.