வாசலில் இறக்கிவிட்ட கிரெடிட்

"இப்பல்லாம் யாரை நம்புறது? படிக்கிற புள்ளைக்கு ஆபீஸுல இன்னா வேலை?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கரீமுல்லா நந்தனத்துக் கல்லூரிக்குள் நுழைந்தார்.

வாரத்தில் இரண்டு நாள் தி.நகர் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் என்று பேத்தி சிம்ரா சொன்னதை அவர் நம்பவே இல்லை. அந்த நாட்களிலும் ஸ்கூட்டரில் ஏற்றி வந்து கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் சாயங்காலம் வரை காவல் இருந்தார். இன்று துறைத்தலைவி விஜயலக்ஷ்மி இருவரையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"கம்பெனிக்குப் போற நாளை ஆன் டூட்டின்னு வருகைப்பதிவுல சேர்க்க முன்னாடியே அனுமதி குடுத்திருக்கோம். அதனால எழுபத்தஞ்சு சதவீதத்துக்குப் பயமில்ல. ஆனா இவ அங்க வேலை செஞ்ச மணிநேரம் போதல. கம்பெனி சான்றிதழ் தராது. அது இல்லாம இன்டர்ன்ஷிப் கிரெடிட் வராது, கிரெடிட் குறைஞ்சா டிகிரி வராது."

"தெனமும் காலேஜுக்கு வந்ததுக்கா டிகிரி இல்லன்றீங்க?"

"சும்மா இரு தாதா," என்று சிம்ரா முழங்கையால் இடித்தாள். "நீ டீக்கடையில உக்காந்த நேரத்துக்குக் கிரெடிட் குடுத்தா, உனக்குத்தான் டிகிரி."

விஜயலக்ஷ்மி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சனிக்கிழமை இங்க வகுப்பு இல்ல, கம்பெனி உண்டு. செமஸ்டர் முடியறதுக்குள்ள போய் ஈடுகட்டட்டும்."

கரீமுல்லா அரைமனதாகத் தலையாட்டினார்.

"நானே இட்டுனு போய் உடுறேன்," என்று எழுந்தவர், ஸ்கூட்டரை நோக்கி நடந்துகொண்டே கேட்டார். "அந்தக் கம்பெனிக்கு எதிர்ல டீக்கடை கீதா?"