எர்த் அளக்காத வீடு

எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். அவனுடைய மூன்று வருட அனுபவத்துக்குக் காண்ட்ராக்டர் கையெழுத்துப் போட வேண்டும். காண்ட்ராக்டர் அவன் மனைவியின் அண்ணன்.

புதிதாக ஒயரிங் முடித்த வீட்டில் நின்றபடி, அவனுடைய விண்ணப்ப ஃபாரத்தை அவர் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“இந்த வீட்டு டெஸ்ட் ரிப்போர்ட்ல நீ கையெழுத்துப் போடு மாப்பிள்ளை. அப்புறம் இதுல நான் போடறேன்.”

“எர்த் அளக்கவே இல்லையே மச்சான்.”

“லைசென்ஸ் வகுப்புக்குப் போய் ரொம்பக் கெட்டுட்டே. வழக்கமா எழுதற நம்பரை எழுது.”

பேனாவை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். “தம்பி, வாஷிங் மெஷின் போட்டுக்கலாமா?”

மச்சான் தலையாட்டச் சொல்லிக் கண் காட்டினார்.

“இன்னிக்கு வேண்டாம்மா. இன்னும் எர்த் அளக்கலை, ஷாக் அடிச்சாலும் அடிக்கும்” என்றான் அவன்.

மச்சான் ஃபாரத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.